பூட்டு வாங்கும்போதே தெரிந்துவிடும் போலிகள்

2017 மார்ச்சில் வின்சென்ட் லிஞ்ச் என்பவர் ஒரு கணக்கெடுத்தார். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இணையதளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தருகிறது. 'பேபால்' என்ற பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் முகவரிகளுக்கு அது எத்தனை சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்த்தார். 2016 ஜனவரியிலிருந்து சுமார் 14 மாதங்களில் 15,270. அவற்றில் 1,000 முகவரிகளை எடுத்து ஆராய்ந்ததில் 96.7 சதவீதம் பணம் பறிக்கப் போடப்பட்ட போலித் தளங்கள்.

லிஞ்ச் வேலை பார்த்தது காசுக்குச் சான்றிதழ் விற்கும் நிறுவனத்தில். இலவசமாகக் கொடுப்பவரைக் குறை சொல்வதில் அந்த நிறுவனத்துக்கு ஆதாயம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க அவர் வார்த்தையை நம்பவேண்டிய அவசியமில்லை. அவர் எண்ணிய பட்டியலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். போலித் தளம் போடுகிறவர் தன் பெயரைப் பொதுப் பட்டியலில் தானே எழுதிவைத்துவிட்டுப் போகும்படி இணையம் அமைந்துவிட்டது என்பதுதான் இதில் வேடிக்கை.

சான்றிதழ் இல்லாத தளத்தைத் திறந்தால் பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கிறது. அதைப் பார்த்தபின் கடவுச்சொல்லைத் தட்டுபவர்கள் குறைவு. அதனால் திருடனுக்கும் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுக்கும் நிறுவனம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த முகவரி உன் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? பேபால் பெயரை உள்ளே நுழைத்து ஒரு முகவரியைப் பதிவு செய்தவனுக்கு அது அவன் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. சில நிமிடங்களில் சான்றிதழ் வந்துவிடும். பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நல்ல தளம் என்று மக்கள் நம்பியது அதற்கு இல்லாத பொருளை ஏற்றிப் படித்ததால்தான். கூகுள் குரோம் 2023 செப்டம்பரில் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

பொதுப் பட்டியல் பிறந்த காரணம் வேறு. 2011 ஜூலையில் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவிய யாரோ கூகுளின் பெயருக்கே சான்றிதழ் தயாரித்துக்கொண்டார்கள். அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களின் இணைப்புகளுக்கு நடுவே புகுந்தார்கள். ஊடுருவல் நடந்ததை அறிந்தும் நிறுவனம் வாய் திறக்கவில்லை. ஈரானியர் ஒருவரின் குரோம் பிரவுசர் எச்சரிக்கை காட்ட, அவர் அதை வெளியே சொன்னதால் ஆகஸ்ட் கடைசியில் விஷயம் வெடித்தது. செப்டம்பரில் டிஜிநோட்டார் திவாலானது.

என் பெயரில் யாரோ ஒருவருக்குச் சான்றிதழ் கொடுத்தால் எனக்கு அது எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்குக் கூகுளின் பென் லாரி, ஆடம் லாங்லி உள்ளிட்டோர் வகுத்த விடைதான் 'சர்டிபிகேட் டிரான்ஸ்பரன்சி'. கொடுக்கும் சான்றிதழ்களை எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏற்றிவிடு என்கிறது அது. 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு வழங்கிய எந்தச் சான்றிதழும் பதிவேட்டில் இல்லாவிட்டால் ஏற்கமாட்டேன் என்று குரோம் சொன்னது; அதே ஆண்டு ஆப்பிளும் சேர்ந்துகொண்டது. நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல, ஒரு பெயரின்மீது என்னென்ன நடந்திருக்கிறது என்று இப்போது எவரும் பார்க்கலாம். கூகுள், கிளவுட்ஃபிளேர், லெட்ஸ் என்கிரிப்ட் போன்றவை இந்தப் பதிவேடுகளை நடத்துகின்றன. ஏற்றிய வரியைப் பிறகு அழிக்கவோ திருத்தவோ முயன்றால் கணக்கு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும்படி அவை கட்டப்பட்டிருக்கின்றன.

சான்றிதழ் நிறுவனங்களைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு இது. நிறுவனங்களின் பெயரைக் காக்கிறவர்கள் இதற்கு இரண்டாவது பயன் கண்டார்கள். சொந்தப் பெயரை மட்டும் ஏன் தேடவேண்டும், அதன் சாயலில் உள்ளவற்றையும் தேடலாமே என்பதுதான் அது.

இதில் நேரம் அவர்கள் பக்கம் இருக்கிறது. பொதுவாகச் சான்றிதழ் நிறுவனம் முதலில் ஒரு முன்வரைவைப் பதிவேட்டுக்கு அனுப்பி, கையெழுத்திட்ட ரசீது வாங்கி, அதை உள்ளே வைத்துத்தான் இறுதிச் சான்றிதழைத் தருகிறது. ஆகவே போலித் தளம் பிரவுசரில் ஒழுங்காகத் திறக்கும் முன்பே அதன் பெயர் பதிவேட்டுக்குப் போய்விடுகிறது. திருடன் அதற்குப் பிறகுதான் பக்கத்தை வடிவமைத்து, குறுஞ்செய்தி அனுப்பி, ஆள் பிடிக்கவேண்டும். பதிவேட்டைப் படிக்கிறவருக்குச் சில மணி நேரம், சில சமயம் சில நாட்கள் முன்னதாகவே துப்பு கிடைக்கிறது.

படிப்பது எப்படி? ஒரு பெயரை மட்டும் பார்க்க `crt.sh` என்ற தளம் போதும். `%.example.com` என்று தட்டினால் அந்தப் பெயருக்குக் கீழே வழங்கிய சான்றிதழ்கள் வரிசையாக வந்து நிற்கும். சாயல் பெயர்களைப் பிடிக்க இது போதாது. பதிவேடுகளில் விழும் புதிய வரிகளை ஒரு நிரல் ஓயாமல் வாங்கிச் சலிக்கவேண்டும். ஒரு நாளில் வருபவை லட்சக்கணக்கில் என்பதால், எல்லாம் சல்லடையின் கண் அளவில் இருக்கிறது.

அமெரிக்காவின் சேஸ் வங்கிக்குக் காவல் இருப்பவர் `chase` என்று தேடினால் `purchase` என்ற சொல் உள்ள கடைகள் எல்லாம் வந்து விழும். `citi` என்று தேடினால் `cities`. `visa` என்றால் வெளிநாட்டுப் பயண முகவர்கள் முழுப் படையாக வருவார்கள். சின்னப் பெயர் வைத்த நிறுவனத்துக்குத் தொல்லை பெரிது. அதனால் நிரல்கள் மதிப்பெண் போடுகின்றன. நிறுவனப் பெயர் தனிச் சொல்லாகப் புள்ளிக்கோ கோட்டுக்கோ நடுவே நிற்கிறதா, பக்கத்தில் `login`, `verify`, `kyc`, `refund` போன்ற சொல் இருக்கிறதா, முகவரி பதிவாகி எத்தனை நாள் ஆகிறது என்று கூட்டிப் பார்த்து, மேலே வருவதை மட்டும் மனிதர் கண்ணுக்கு அனுப்புகின்றன. `paypal.com.secure-login.example` என்ற பெயர் அப்படி உச்சத்துக்கு வரும். கைபேசியின் குறுகிய திரையில் இதன் முன்பாதிதான் தெரியும். சொந்தக்காரர் யார் என்பதைச் சொல்வதோ பின்பாதி.

எழுத்து மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. `l` இருக்கவேண்டிய இடத்தில் `1`, `m` இடத்தில் `rn`. 2017 ஏப்ரலில் சூடோங் ஜெங் என்ற ஆய்வாளர் ஒருபடி மேலே போனார். முழுக்கச் சிரிலிக் எழுத்துகளால் ஆன ஒரு முகவரியைப் பதிவு செய்து சான்றிதழும் வாங்கினார். அன்றைய குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் அது அச்சு அசல் `apple.com` என்றே தெரிந்தது. பதிவேட்டில் அதே பெயர் `xn--80ak6aa92e.com` என்றிருக்கும். `apple` என்று தேடும் நிரலுக்கு இதில் பிடிபட ஒன்றுமில்லை. `xn--` என்று தொடங்குபவற்றை அவிழ்த்து, ஒவ்வோர் எழுத்தையும் அதைப்போலவே தோன்றும் ஆங்கில எழுத்தாக மாற்றி, அதன் பிறகு ஒப்பிட்டால்தான் சிக்கும். ஓட்டை வெளியானதும் குரோம் தன் 58-ஆம் பதிப்பில் அதை அடைத்தது.

பெயர் சிக்கியதும் வேலை முடியாது. அலுப்பான பகுதி அங்கேதான் தொடங்குகிறது. முகவரியைத் திறந்தால் பெரும்பாலும் வெற்றுப் பக்கம். ஒன்றும் இல்லாத தளத்தை எதற்கு மூடவேண்டும் என்று சர்வர் வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் கேட்கும், கேட்பதிலும் நியாயம் உண்டு. எனவே அந்தப் பெயரைப் பட்டியலில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கத்தையும் மின்னஞ்சல் அமைப்பையும் எட்டிப்பார்க்கிறார்கள். நிறுவனத்தின் சின்னம் பக்கத்தில் முளைத்த கணத்தில் படம் பிடித்து, நேரத்தோடு புகார் போகிறது: சர்வர் நிறுவனத்துக்கு, பெயர் பதிந்து கொடுத்தவருக்கு, பிரவுசர்களின் எச்சரிக்கைப் பட்டியலுக்கு. திருடர்களுக்கும் இது தெரியும். அலுவலகக் கணினியிலிருந்து வந்தால் 'பக்கம் இல்லை' என்றும், குறுஞ்செய்தி இணைப்பைக் கைபேசியில் தட்டி வந்தால் போலிப் பக்கத்தையும் காட்டும்படி வைத்திருப்பார்கள். ஆகவே பார்க்கிறவரும் சாதாரணக் கைபேசி இணைப்பிலிருந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

சான்றிதழ் கொடுத்தவரிடமே முறையிடலாமே என்று தோன்றும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல என்பது லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்திலேயே சொல்லிவிட்ட நிலை. சான்றிதழை ரத்து செய்தாலும் பல பிரவுசர்கள் அதை உடனே கவனிப்பதில்லை. பெயரையே பிடுங்குவதற்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர் வழி இருக்கிறது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும், போலித் தளம் கடை விரித்துச் சுருட்டவோ ஒரு வாரம் போதும்.

பதிவேட்டில் தெரியாதவையும் நிறைய. `*.secure-login.example` என்று நட்சத்திரம் போட்டு ஒரே சான்றிதழ் வாங்கிவிட்டால், அதன் முன்னால் எந்த வங்கியின் பெயரைச் சேர்த்தாலும் பதிவேட்டில் வராது. இலவசமாகப் பக்கம் போட இடம் தரும் சேவைகளுக்கு இப்படிப் பொதுச் சான்றிதழ் ஏற்கெனவே இருப்பதால், அங்கே குடியேறும் போலிக்குத் தனிச் சான்றிதழே தேவையில்லை. யாருடைய பழைய தளத்திலோ புகுந்து மூலையில் ஒரு பக்கம் போட்டாலும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் வரும் போலி வங்கிச் செயலிக் கோப்பும் இந்தச் சல்லடைக்கு அப்பாற்பட்டது. ஆகவே பதிவேட்டைப் பார்த்துவிட்டு 'இன்று எதுவும் இல்லை' என்று ஒரு நிறுவனம் நிம்மதியாக இருந்தால் அது தப்புக்கணக்கு.

நிறுவனங்கள் தங்களையே குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. 2016-இல் ஃபேஸ்புக்கின் கண்காணிப்பு நிரல், `fb.com`-இன் கிளை முகவரிகளுக்கு எதிர்பாராத சான்றிதழ்கள் வந்திருப்பதைக் கண்டு மணியடித்தது. விசாரித்தால், அதே நிறுவனத்தின் வேறொரு குழு அனுமதி கொடுத்திருக்கிறது, பாதுகாப்புப் பிரிவுக்குத்தான் சேதி சொல்லவில்லை. தன்னிடம் உள்ள பெயர்களின் முழுப் பட்டியல் கையில் இல்லாதவர் அந்நியரை அடையாளம் காண்பது எப்படி?

2017 செப்டம்பரில் எக்விஃபேக்ஸ் நிறுவனத்திடமிருந்து 14 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரம் திருடுபோனது வெளியானபோது இது உச்சத்துக்குப் போனது. பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தன் சொந்த முகவரிக்குள் ஒரு பக்கம் திறக்காமல், `equifaxsecurity2017.com` என்று புதுப் பெயரை நிறுவனம் பதிவு செய்தது. பார்த்தால் போலி என்றே தோன்றும் பெயர். இதைச் சுட்டிக்காட்ட நிக் ஸ்வீட்டிங் என்ற நிரலாளர் சொற்களை இடம் மாற்றி `securityequifax2017.com` என்று ஒரு நகல் போட்டார். எக்விஃபேக்ஸின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு, உதவி கேட்ட மக்களுக்கு அந்த நகலின் முகவரியையே பலமுறை அனுப்பியது. அன்றைக்கு எந்தச் சல்லடையும் இந்த இரண்டு பெயர்களுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் போட்டிருக்கும்.

இந்தச் சிக்கலை இந்திய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வேறு பக்கத்திலிருந்து பிடித்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த முடிவைப் பதிந்துகொடுக்கும் உரிமை ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. காவல் நிரல் எழுதுகிறவருக்கு இதனால் ஒரு விதி எளிதாகிறது: வங்கியின் பெயரும் `kyc`-யும் சேர்ந்து வந்து, முடிவில் `.bank.in` இல்லையென்றால் நேராகப் பட்டியலின் உச்சிக்கு அனுப்பலாம். எக்விஃபேக்ஸோ 2019-இல் நஷ்டஈடு கொடுக்க வந்தபோது அதற்கும் `equifaxbreachsettlement.com` என்ற இன்னொரு புதுப் பெயரே வந்தது. நஷ்டஈட்டுப் பெயரில் போலித் தளங்கள் உலவுவதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த மாதமே மக்களை எச்சரிக்கவேண்டியிருந்தது.