கோவாவும் சோயாவும்: தைரொயிட் குறைவுள்ள ஒருவருக்கு ஏழு நாள் சாப்பாடு

என் அம்மாவுக்குத் தைரொயிட் சுரப்பு குறைவு. தினமும் தைரொக்சின் குளிசை எடுக்கிறார். கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, சோயா எல்லாவற்றையும் அறவே விடவேண்டும் என்று தொலைபேசியில் வந்த பட்டியலொன்றை நம்பி, கொஞ்சக் காலம் அவற்றைச் சமையலறைக்குள்ளேயே விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் சைவம். அந்த நாட்களில் சோறும் பருப்பும்தான் மிஞ்சின. அப்படி எல்லாவற்றையும் விலக்கத் தேவையில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பட்டியல் இரண்டு வேறு சிக்கல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. கோவாக் குடும்பத்து மரக்கறிகள் தொல்லை தருவதென்றால் அது தைரொயிட் சுரப்பியில். சோயா தொல்லை தருவது பெரும்பாலும் குடலில், குளிசை உறிஞ்சப்படும் இடத்தில். ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு கட்டுப்பாடு.

முதலில் கோவா. பச்சைக் கோவாவை அரியும்போதும் மெல்லும்போதும் அதிலுள்ள ஒரு நொதியம் வேலை செய்யத் தொடங்கி, சுரப்பி அயடீனைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பொருட்களை உண்டாக்குகிறது. சமைக்கும் சூட்டில் அந்த நொதியம் பெருமளவு செயலிழந்துவிடும். பச்சையாகச் சாப்பிட்டாலும் அளவுதான் முக்கியம். 2010இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான சம்பவத்தில், 88 வதுப் பெண் ஒருவர் தைரொயிட் குறைவால் மயக்க நிலைக்குப் போனார். அவர் பல மாதங்களாகத் தினமும் 1 முதல் 1.5 கிலோ வரை சீனக் கோவா வகையொன்றைப் பச்சையாகவே சாப்பிட்டு வந்திருந்தார். சலாட்டில் போடும் ஒரு கைப்பிடிக் கோவா அதற்குப் பக்கத்திலும் வராது.

அயடீன் போதாதவருக்கே இந்தத் தடை அதிகம் உறைக்கும். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக இருக்கிறது. ஆனால் உப்பளப் பக்கத்திலிருந்து நேரே வாங்கும் கல்லுப்பில் அது சேர்க்கப்படாமல் இருக்கலாம். பொதியில் அயடீன் சேர்த்தது என்று இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதை மூடிய போத்தலில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள். சத்திரசிகிச்சையில் சுரப்பி முழுவதையும் எடுத்தவர்களுக்குக் கோவாவால் இந்தக் கவலையே இல்லை. தடுப்பதற்கு அங்கே சுரப்பி கிடையாது.

சோயாவில் கவனிக்க வேண்டியது நேரமும் ஒழுங்கும். குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டு, தேநீருக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடவேண்டும். சோயாவை அதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி, மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் அதே நான்கு மணி நேர இடைவெளிதான். இன்னொன்று, சோயாவின் அளவு வாராவாரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். திடீரெனத் தினமும் சோயாப் பால் குடிக்கத் தொடங்கினால், முன்பு சரியாக இருந்த குளிசை அளவு போதாமல் போகலாம்.

அம்மா காலை 5.30க்குக் குளிசை போடுகிறார், 6.30க்குத் தேநீர். காலையிலும் இரவிலும் இடியப்பம், பிட்டு, தோசை, குரக்கன் ரொட்டி என்று மாறி மாறி வரும். மதியச் சோற்றுக்கான கறிகள் இவை:

திங்கள்: மீன் குழம்பு, கோவா வறை, பருப்பு.
செவ்வாய்: சோயாமீற் கறி, பயற்றங்காய், பொன்னாங்காணி வறை.
புதன்: மீன், பூசணிக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல்.
வியாழன்: முட்டைக் கறி, நோக்கோல் பால்கறி, கீரை.
வெள்ளி: கடலைக் கறி, கத்தரிக்காய், முருங்கையிலை வறை.
சனி: நெத்தலிக் குழம்பு, பூக்கோவாப் பிரட்டல், பருப்பு.
ஞாயிறு: கோழிக் கறி, கரட், வெள்ளரிக்காய், தக்காளியோடு ஒரு கைப்பிடிப் பச்சைக் கோவாச் சலாட்.

கோவாக் குடும்பம் நான்கு நாள் வருகிறது, மூன்று நாள் சமைத்து, ஒரு நாள் பச்சையாக. வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டாலும் பயமில்லை, அது கோவாக் குடும்பம் அல்ல. சைவ நாள் இரண்டில் ஒன்றுக்குச் சோயா, மற்றதற்குக் கடலை. கடலைக்குப் பதிலாகப் பயறோ கௌபியோ போடலாம்.

சாப்பாடு குளிசைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, உடம்பு ஊதுதல் திரும்பி வந்தால் சந்தேகப்படலாம், ஆனால் இவை வேறு காரணங்களாலும் வரும். உணவிலோ குளிசை அளவிலோ பெரிய மாற்றம் செய்தால் 6 முதல் 8 வாரம் கழித்து ரி.எஸ்.எச் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால் அளவு இன்னும் நிலைத்திருக்காது. கிளினிக்குக்குப் போகும்போது சோயா வாரத்தில் எத்தனை நாள், குளிசை எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்று வைத்தியர் முடிவெடுக்க அது உதவும்.