துபாய் டிவிக்கு வரி எவ்வளவு? கிரீன் சேனலா, ரெட் சேனலா? ஊர் திரும்புறவங்களுக்கு முழு விளக்கம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர் இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். தோல், ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் கண்காட்சி, ஆர்டர் விஷயமாக அடிக்கடி வெளிநாடு போய் வருகிறார்கள். லீவில் ஊருக்கு வரும்போது போன், வாட்ச், சென்ட், சாக்லேட், சில சமயம் டிவியும் கூடவே வரும். சென்னை அல்லது பெங்களூரு விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று பச்சை, இன்னொன்று சிவப்பு. எதில் போவது?

பச்சை வழியில் நடந்தாலே வாக்குமூலம்தான்

கூட்டம் இல்லாத பக்கம் போகலாம் என்று நினைத்து பலர் கிரீன் சேனலில் நுழைந்து விடுகிறார்கள். ஆனால் அது வெறும் வாசல் இல்லை. 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி, கொண்டு வரும் சாமான் என்னென்ன என்று பயணி அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். கிரீன் சேனலில் போவது, "என்னிடம் வரி கட்ட வேண்டிய பொருளோ தடை செய்யப்பட்ட பொருளோ இல்லை" என்று வாய் திறக்காமலே சொல்வது போலத்தான். அதைத் தாண்டியபின் பெட்டியை ஸ்கேன் செய்து பொருள் பிடிபட்டால், "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்ற பதில் எடுபடாது.

ரெட் சேனலில் போவது தப்பு செய்தவர்கள் போகிற வழியும் இல்லை. வரி கட்ட வேண்டிய பொருள் இருக்கிறது, அல்லது இருக்கிறதா என்று சந்தேகம் இருக்கிறது என்றால் அதில்தான் போக வேண்டும்.

எவ்வளவு வரை வரி இல்லை?

2016-ம் ஆண்டு விதிகளில் விமானத்தில் ஊர் திரும்பும் இந்தியருக்கு ரூ.50,000 வரை சலுகை இருந்தது. 2026 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய பேக்கேஜ் விதிகளில் இது ரூ.75,000 ஆக உயர்ந்திருக்கிறது. பயணி பயன்படுத்தி வரும் துணிமணி, பழைய போன் போன்ற சொந்த உபயோகப் பொருட்கள் இந்தக் கணக்கில் சேராது. 18 வயது நிரம்பியவர் ஒரு லேப்டாப்பும் தனியாகக் கொண்டு வரலாம். அதற்கும் வரி இல்லை.

ரூ.75,000-க்கு மேல் போனால், மேலே போன தொகைக்கு மட்டும் வரி. விகிதம் 35 சதவீதம். அந்த வரியின் மீது 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி சேர்ந்து மொத்தம் 38.5 சதவீதம் ஆகும்.

டிவிக்கு மட்டும் ஏன் தனி விதி?

இங்குதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எல்சிடி, எல்இடி டிவிகள் ரூ.75,000 சலுகைக்குள் வரவே வராது. சலுகையில் ஒரு ரூபாய் கூடப் பயன்படுத்தாமல் டிவி மட்டும் கொண்டு வந்தாலும் அதன் முழு விலைக்கும் வரி உண்டு. 2013 ஆகஸ்ட் 26 வரை இந்த நிலைமை இல்லை. அப்போது ரூபாயின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது. துபாய், பாங்காக் போய் வருபவர்கள் ஆளுக்கொரு டிவி கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அதனால் மத்திய அரசு டிவியைச் சலுகையிலிருந்து நீக்கியது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

ஆம்பூரைச் சேர்ந்த ஒருவர் இரண்டரை வருடம் கழித்து துபாயிலிருந்து தனியாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தங்கைக்கு ரூ.68,000-க்கு புது போன், தம்பிக்கு ரூ.15,000-க்கு வாட்ச், ரூ.12,000-க்கு சென்ட், சாக்லேட், பேரீச்சை. இதோடு ரூ.30,000-க்கு ஒரு டிவி.

டிவியை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினால் ரூ.95,000. சலுகை ரூ.75,000 போக மீதி ரூ.20,000. இதற்கு 38.5 சதவீதம் என்றால் ரூ.7,700. டிவிக்கு முழு விலையிலும் வரி, அதாவது ரூ.11,550. இரண்டும் சேர்ந்து ரூ.19,250 கட்ட வேண்டும். 30 ஆயிரம் ரூபாய் டிவி வீட்டுக்கு வந்து சேரும்போது 41,550 ரூபாய் ஆகிவிடும். அதே டிவி ஊர்க் கடையில் என்ன விலை என்று வாங்கும் முன்பே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

இதே பயணத்தில் மனைவியும் கூட வந்தால்? அவருக்கும் தனியாக ரூ.75,000 சலுகை உண்டு. வாட்ச், சென்ட், சாக்லேட் எல்லாம் அவர் கொண்டு வரும் பொருளாக இருந்தால் அதன் மதிப்பு ரூ.27,000-தான். கணவரிடம் ரூ.68,000 போன் மட்டும் இருக்கும். இருவருமே வரம்புக்குள் வந்துவிடுவார்கள். டிவிக்கான ரூ.11,550 மட்டும் மிஞ்சும். ஆனால் ஒரே பொருளை இருவர் கணக்கில் பாதிப்பாதியாகப் பிரிக்க முடியாது. ஒன்றரை லட்ச ரூபாய் போனை "ஆளுக்கு 75 ஆயிரம்" என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். ஒருவர் சலுகை மட்டும்தான் கழியும். மீதி ரூ.75,000-க்கு ரூ.28,875 வரி வரும்.

பில் இருக்கா?

வாங்கிய ஒவ்வொரு பொருளின் பில்லையும் கைப்பையில் வைத்திருங்கள். பில் இல்லாவிட்டால் மதிப்பை அதிகாரியே நிர்ணயிப்பார். விலையை ரூபாயாக மாற்றுவதும் சுங்கத்துறை அறிவித்திருக்கும் விகிதத்தில்தான், போனில் தேடிப் பார்க்கும் விகிதத்தில் அல்ல. அதனால் வீட்டில் போட்ட கணக்குக்கும் கவுன்டரில் வரும் தொகைக்கும் சின்ன வித்தியாசம் இருக்கலாம்.

"இதையும் கொண்டு போய்க் கொடுத்துடுங்கண்ணே"

ரூம்மேட் தரும் இரண்டு மூன்று புது போன்கள் இன்னொரு சிக்கல். பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. ஒரே மாதிரி பொருள் பல இருந்தால் அது சொந்த உபயோகமா, விற்பனைச் சரக்கா என்ற கேள்வி வரும். விற்பனைச் சரக்கு என்று முடிவானால் ரூ.75,000 சலுகையே கிடைக்காமல் போகலாம். ஷூ கம்பெனிக்காரர்கள் எடுத்து வரும் சாம்பிள் தோல், சாம்பிள் ஷூக்களும் கம்பெனியின் பொருள்தானே தவிர வீட்டுச் சாமான் அல்ல. அவற்றை விலைப்பட்டியலோடும் கம்பெனிக் கடிதத்தோடும் ரெட் சேனலில் காட்டுவதே சரி.

பணம் இல்லைன்னா என்ன செய்வது?

ரெட் சேனலில் போய் உண்மையைச் சொன்னவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வரி கட்டப் பணம் இல்லை, அல்லது இவ்வளவு கட்டி எடுக்க மனமில்லை என்றால், 80-வது பிரிவின்படி பொருளைச் சுங்கத்துறையிடமே ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். திரும்ப வெளிநாடு போகும்போது பெற்றுக்கொள்ளலாம். இதைக் கேட்க வேண்டுமானால் பொருளை முன்பே அறிவித்திருக்க வேண்டும்.

கிரீன் சேனலில் பிடிபட்டவரின் நிலைமை வேறு. பொருள் பறிமுதலுக்கு உள்ளாகலாம். அதை மீட்க வரியோடு மீட்புத் தொகை, தனியாக அபராதம் என்று சேர்ந்துகொண்டே போகும். மேலே சொன்ன ஆம்பூர்க்காரர் ரெட் சேனலில் ரூ.19,250 கட்டிவிட்டு அதே இரவு வீட்டுக்கு பஸ் ஏறலாம். கிரீன் சேனலில் போய் மாட்டினால் டிவியும் போனும் விமான நிலையத்திலேயே தங்கிவிடும், அவர் வெறுங்கையோடு ஊர் போய்ச் சேருவார்.