ரிப்பன் கட்டிய விரிப்பு

கம்பித் தடுப்பு வைத்த மரத்தொட்டிலை விட்டுக் குழந்தையைக் கட்டிலுக்கு மாற்ற வேண்டிய நாளை வயதைவிட உயரமே சரியாகச் சொல்லும். குழந்தை நிமிர்ந்து நிற்கும்போது தொட்டிலின் மேல்விளிம்பு அதன் மார்புக்குக் கீழே போய்விட்டால், அல்லது உயரம் 35 அங்குலத்தைத் தொட்டுவிட்டால், இனி அந்தத் தடுப்பு காவல் இல்லை. ஏறித் தாண்ட முயலும் குழந்தை தலைகுப்புற விழக்கூடும். அந்த அளவு வராதவரை அவசரம் வேண்டாம். ‘இறங்க முடியும், ஆனாலும் இறங்கக் கூடாது’ என்பது இரண்டு வயதுக்குப் பிடிபடாத சங்கதி. மூன்றை நெருங்கும்போது ஓரளவு புரியும்.

இரண்டே முக்கால் வயதுப் பெண் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு இது ஏழாம் மாதம். தம்பியோ தங்கையோ வந்ததும் தொட்டில் தேவைப்படும். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மாற்றிவிட்டால், தன் இடத்தைப் புதுக் குழந்தை பறித்துக்கொண்டது என்று பெரியவள் நினைக்க மாட்டாள். அந்த இரண்டு மாதத்தில் தொட்டிலைக் கழற்றி அவள் கண்ணில் படாமல் வைப்பது நல்லது. விளையாட்டுப் பள்ளியில் சேர்ப்பதையும் டயப்பரை நிறுத்துவதையும் இதே வாரத்தில் செய்யாதீர்கள்.

முதல் வேலை அறையில். நள்ளிரவில் அவள் தனியாக எழுந்து நடக்கப்போகிறாள் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொன்றையும் பாருங்கள். தரையில் உட்கார்ந்து அவள் கண் உயரத்திலிருந்து பார்த்தால் தெரியும். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறினால் அலமாரி மேலே சாயும். அதைச் சுவரோடு திருகி இறுக்க வேண்டும். கட்டில் ஜன்னலுக்கும் ப்ளக் பாயின்ட்டுக்கும் எட்டாத தூரத்தில், தாழ்வாக இருக்கட்டும். பக்கத் தடுப்பு மாட்டினால் மெத்தையை உள்பக்கம் தள்ளிப் பாருங்கள். இடைவெளி விழுந்தால் குழந்தை அதில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சுவரோரம் போட்ட கட்டிலுக்கும் இதே சோதனைதான். சந்தேகமாக இருந்தால் கொஞ்ச நாள் மெத்தையைத் தரையிலேயே போடலாம்.

இனி பரிசு. பாட்டுப் பாடும், விளக்கு மின்னும் பொம்மை வேண்டவே வேண்டாம். அது தூக்கத்தைக் கெடுத்துவிடும். கட்டிலிலேயே பயன்படும் பொருள்தான் சரி. கடையில் இரண்டே இரண்டு விரிப்புகளைக் காட்டி, “யானை போட்டதா, மீன் போட்டதா?” என்று கேளுங்கள். முடிவு அவளுடையது. அந்த விரிப்பை ஒரு சின்னத் தலையணையோடு சேர்த்து வண்ணக் காகிதத்தில் சுற்றி, ரிப்பன் கட்டி, கட்டில் வந்த அன்று மாலை அந்த மெத்தையின் மேலேயே வைத்துவிடுங்கள். அவளே பிரிக்கட்டும், ஒரு மூலையைப் பிடித்து விரிக்கவும் செய்யட்டும். தாத்தா பாட்டியைக் கூட்டிவந்து, “இது என் கட்டில்” என்று காட்டச் சொல்லுங்கள். ஆனால் எல்லாமே புதிதாகிவிடக் கூடாது. தொட்டிலில் கட்டிப்பிடித்துத் தூங்கிய பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். புது இடத்தில் அந்தப் பழகிய வாசனைதான் அவளுக்குத் துணை.

முதலில் பகல் தூக்கம், அடுத்து இரவு என்று போனால் எளிது. இரவில் வரிசை முக்கியம்: ஏழரைக்கு வெந்நீர்க் குளியல், பால், பல் துலக்கல், கழிவறை, இரண்டு கதை, விளக்கணைப்பு. அரை மணி நேரம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து கட்டிலருகே ஒட்டிவிட்டால், அடுத்தது என்ன என்று அவளே நம்மை இழுத்துக்கொண்டு போவாள். இரண்டு கதை என்றால் இரண்டுதான். மூன்றாவது ஒருமுறை கிடைத்துவிட்டால் நாளைக்கும் கேட்பாள்.

பரிசின் உற்சாகத்தில் முதல் இரவு பெரும்பாலும் நன்றாகப் போய்விடும். புதுமை குறைந்து, இறங்கி வரலாம் என்று அவள் கண்டுபிடிக்கும் மூன்றாம் நான்காம் இரவுகளில்தான் உண்மையான வேலை. வந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, “தூங்கற நேரம்டா கண்ணு” என்று மட்டும் சொல்லுங்கள். எத்தனை முறை வந்தாலும் அதே வார்த்தை, அதே குரல். திட்டுவதும் கொஞ்சுவதும் இரண்டுமே அவளுக்கு எழுந்து வந்ததற்கான பலன்தான்.

மூன்று வயது தாண்டிய குழந்தைக்கு இன்னொரு வழி உண்டு. அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் ஃப்ரைமனும் சக ஆய்வாளர்களும் 1999-இல் எழுதிய கட்டுரையில் வந்தது அது. படுக்கும்போது ஓர் அட்டையைக் குழந்தையிடம் கொடுத்துவிட வேண்டும். தண்ணீரோ ஒரு முத்தமோ கேட்டு ஒரே ஒருமுறை வெளியே வரலாம். வந்தால் அட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டும். நம் குழந்தைக்கு இந்தக் கணக்கு இன்னும் எட்டாது. சில மாதம் கழித்துப் பார்க்கலாம்.

சில வாரம் ஆகியும் தினமும் அழுகையாகவே போனால், அவள் இன்னும் ஏறித் தாண்டும் உயரத்தை எட்டாதவள் என்றால், தொட்டிலைத் திரும்ப மாட்டுவதில் தவறில்லை. பிறந்த குழந்தை சில மாதம் சின்ன ஆடு தொட்டிலில் உறங்கிக்கொள்ளும்.