துலாக் கல்லின் கணக்கு

யாழ்ப்பாணத்து வீட்டுக் கிணற்றடியில் நின்ற துலாவின் பின்முனையில் கல் கட்டியிருப்பார்கள். நிறைந்த வாளிக்குச் சமமாக அந்தக் கல் இருக்கவேண்டும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படிக் கட்டினால் நிறைவாளியை ஏற்றக் கைக்குப் பாரமே தெரியாது. வெறும் வாளியைக் கீழே இறக்குவதற்குள் கை ஓய்ந்துபோகும். சரியான கல், வாளியோடு பாதித் தண்ணீருக்குத்தான் ஈடு.

ஒரு துலாவை எடுத்துக்கொள்வோம். மரம் 60 கிலோ. அதைத் தாங்கும் அச்சுலக்கையிலிருந்து கிணற்றுப் பக்க நுனி 4 மீட்டர், கல் கட்டிய இடம் 1.75 மீட்டர். நீண்ட கை கிணற்றுப் பக்கம் இருப்பதால், மரத்தின் எடைமையமும் அந்தப் பக்கமே, அச்சிலிருந்து அரை மீட்டரில் விழுகிறது. வாளியும் கயிறும் 4 கிலோ, தண்ணீர் 12 கிலோ.

பாதித் தண்ணீரோடு நுனியில் தொங்குவது 10 கிலோ. எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புதிறன்: 10 × 4 = 40. மரத்தின் பங்கு 60 × 0.5 = 30. இந்த 70-ஐ மறுபக்கம் கல் ஈடுகட்ட வேண்டும். 70-ஐ 1.75-ஆல் வகுத்தால் 40 கிலோ. மரத்தின் 30-ஐக் கணக்கில் விட்டவர் 23 கிலோக் கல்லைக் கட்டிவிட்டு, இறைக்க ஏன் இவ்வளவு பாரம் என்று திகைப்பார்.

40 கிலோக் கல் இருந்தால், வெறும் வாளியை இறக்க 6 கிலோ இழுப்பு, நிறைவாளியை ஏற்ற 6 கிலோ தூக்கல். கைக்கு இரண்டும் ஒன்றே. துலா சாய்ந்தாலும் எல்லாத் தூரமும் ஒரே விகிதத்தில் குறுகுவதால் சமநிலை கெடாது. பாதி நிறைந்த வாளியை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நின்றால் கல் சரி. மேலே ஏறினால் கல் அதிகம், கீழே இறங்கினால் போதாது.

இனி ஆடுகால். திருப்புதிறன்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். எடைகளோ கழியாமல் கூடும். மரம் 60, கல் 40, நுனியில் 10: அச்சின்மேல் 110 கிலோ. நிறைவாளியைத் தூக்கும்போதும் இதே அளவுதான், ஏனெனில் 6 கிலோவை நம் கை ஏந்துகிறது. வெறும் வாளியை அழுத்தும்போது கை அதே 6-ஐக் கூட்டுகிறது. கவட்டின் இரு கால்களுக்கும் நடுவில் மரம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 55 கிலோ. மரம் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டால் அந்தப் பக்கக் கால் அதிகம் தாங்கும்.

இது மெதுவாக இறைக்கும்போது உள்ள கணக்கு. கயிற்றை வெடுக்கென்று இழுத்தாலோ, இறங்கும் வாளியைச் சட்டென்று நிறுத்தினாலோ பாரம் இதைத் தாண்டும். ஆடுகாலை 110 கிலோவுக்கு மட்டும் நடாதீர்கள்; அதைப்போல் இரண்டு மடங்காவது தாங்கும்படி நடுங்கள்.