காலியாக விட வேண்டிய கட்டங்கள்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேல்பாதியில் செரிமான மண்டலத்தின் படம், கீழே ஓர் அட்டவணை. வாய், உணவுக்குழல், இரைப்பை, கல்லீரல், கணையம், சிறுகுடல், பெருங்குடல் என்று ஏழு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘அங்கே செயல்படும் நொதி’, ‘அது எதை எதுவாக மாற்றுகிறது’ என்று இரண்டு கட்டங்கள். பதினான்கையும் நிரப்பி வைத்திருந்தாள். உணவுக்குழலுக்கு அமைலேஸ், கல்லீரலுக்குப் பித்தநீர், பெருங்குடலுக்கு லிப்பேஸ்.

“காலியா விட்டா மார்க் போயிடும் சித்தி” என்றாள்.

இந்த அட்டவணையைக் குழந்தைகள் தப்பாக நிரப்புவதற்குப் பெரும்பாலும் இந்தப் பயம்தான் காரணம். அன்று காலை அவள் சாப்பிட்டது இரண்டு இட்லி, நல்லெண்ணெய் ஊற்றிய பொடி, ஒரு டம்ளர் பால். அரிசியில் மாவுச்சத்து, உளுந்திலும் பாலிலும் புரதம், எண்ணெயில் கொழுப்பு. அந்தச் சாப்பாட்டின் பின்னாலேயே போய் மறுபடி நிரப்பலாம் என்று அழிப்பானை எடுத்தோம்.

வாயில் வேலை செய்வது உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ். டயலின் என்றும் புத்தகத்தில் இருக்கும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளமான சரம். அமைலேஸ் அதைப் பெரும்பாலும் இரண்டிரண்டு மணிகளாக நறுக்குகிறது. அந்த இரண்டு மணித் துண்டுதான் மால்டோஸ். வெறும் இட்லியை ஒரு நிமிடம் விழுங்காமல் மென்றால் மெல்ல இனிக்கத் தொடங்குவது இதனால்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நீர்த்த அரிசிக் கஞ்சித் தண்ணீரை நன்றாக ஆறவிட்டு இரண்டு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் உமிழ்நீரைக் கலந்து அரை மணி நேரம் கழித்து இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின் விட வேண்டும். உமிழ்நீர் கலக்காதது கருநீலமாகும். கலந்ததில் மாவுச்சத்து உடைந்துவிட்டால் அயோடினின் பழுப்பு நிறமே நிற்கும். இரண்டுமே நீலமானால் கஞ்சி சூடாக இருந்திருக்கும், அல்லது கெட்டியாக இருந்திருக்கும். நொதியும் ஒரு புரதம்தான். கொதிக்கிற சூடு பட்டால் அதன் வடிவம் குலைந்து வேலை செய்யாமல் போய்விடும்.

அடுத்தது உணவுக்குழல். ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். தசைகள் அலை அலையாகச் சுருங்கிச் சில நொடிகளில் கவளத்தை இறக்கிவிடுகின்றன. உணவுக்குழல் தானாக எந்த நொதியையும் சுரப்பதில்லை. கவளத்தோடு போகும் உமிழ்நீர் மட்டும் வழியிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதுதான் சரியான விடை. அவளுக்கு மனமே வரவில்லை. ஆனாலும் எழுதினாள்.

இரைப்பைக்கு அவள் ‘ஹைட்ரோகுளோரிக் அமிலம்’ என்று எழுதியிருந்தாள். அமிலம் நொதி அல்ல. இங்கே நொதி பெப்சின். உளுந்துப் புரதத்தையும் பால் புரதத்தையும் சிறு பெப்டைடு துண்டுகளாக அது வெட்டுகிறது. இரைப்பையின் சுவரும் புரதத்தால் ஆனதே. அதனால் பெப்சின், பெப்சினோஜன் என்ற வேலை செய்யாத வடிவத்தில்தான் சுரக்கிறது. உள்ளே இருக்கும் அமிலம் பட்ட பிறகே அது பெப்சினாகிறது. அதே அமிலம் கவளத்துக்குள் ஊறும்போது, வாயிலிருந்து கூடவே வந்த அமைலேஸ் நின்றுபோகிறது. ஒன்றை எழுப்புவதும் மற்றொன்றை நிறுத்துவதும் ஒரே அமிலம்தான்.

கல்லீரல், கணையம் என்ற இரண்டு வரிசைகளில்தான் நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தோம். இட்லி இந்த இரண்டுக்குள்ளும் போவதே இல்லை. இரண்டும் தங்கள் சுரப்பைக் குழாய் வழியாகச் சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்கு அனுப்புகின்றன, அவ்வளவுதான். கல்லீரல் அனுப்பும் பித்தநீரில் செரிமான நொதி கிடையாது. பொடியோடு போன நல்லெண்ணெய் குடலில் பெரிய துளிகளாக மிதக்கும். எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்வதைப் போல, பித்த உப்புகள் அந்தத் துளிகளைப் பொடித்துளிகளாகப் பிரிக்கின்றன. கொழுப்பு கொழுப்பாகவேதான் இருக்கும். கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் துளியின் மேற்பரப்பில்தான் வேலை செய்யும் என்பதால், துளி சிறியதாகச் சிறியதாக அதற்கு வேலை செய்ய இடம் கூடுகிறது. கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுப்பது அந்த லிப்பேஸ்.

கணையம் அமைலேஸையும் அனுப்புகிறது. வாயில் பாதியில் நின்ற மாவுச்சத்து வேலை இங்கே தொடர்கிறது. புரதத்துக்கு டிரிப்சின் வருகிறது. அதுவும் டிரிப்சினோஜன் என்ற உறங்கும் வடிவில்தான் கிளம்புகிறது. சிறுகுடல் சுவரில் இருக்கும் என்டிரோகைனேஸ் என்ற நொதி தொட்ட பிறகே விழிக்கிறது.

“கணையத்துக்குள்ளயே முழிச்சிக்கிட்டா?” என்று கேட்டாள்.

கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். கணைய அழற்சி என்று மருத்துவர்கள் சொல்வதில் நடப்பது அதுதான். மேல்வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுவரை பாயும். நொதிகள் ரத்தத்தில் கசியும். அப்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் பெயர்கள் இந்த அட்டவணையில் இருக்கும் அதே அமைலேஸும் லிப்பேஸும்தான். இயல்பான உச்ச அளவைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவர் கணையத்தைச் சந்தேகிப்பார்.

கணையக் கட்டத்தில் மூன்று நொதிகளின் பெயரையும் எழுதிவிட்டு, அங்கிருந்து சிறுகுடல் வரிசைக்கு ஓர் அம்புக்குறி போடச் சொன்னேன். அவை பிறக்கும் இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறு. தலைப்பு ‘செயல்படும்’ என்று கேட்கும்போது அந்த அம்புக்குறி இல்லாமல் விடை முழுமையாகாது.

சிறுகுடலுக்கென்று சொந்த நொதிகளும் உண்டு. அவற்றில் பலவும் சாற்றில் மிதப்பதில்லை, சுவரின் குடலுறிஞ்சிகளிலேயே ஒட்டியிருக்கும். மால்டேஸ் மால்டோஸைக் குளுக்கோஸாக்குகிறது. பெப்டிடேஸ்கள் புரதத் துண்டுகளை அமினோ அமிலம்வரை கொண்டுபோகின்றன. உடைந்த இடத்திலேயே சுவர் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் குடித்த பாலின் சர்க்கரையான லாக்டோஸை உடைப்பது லாக்டேஸ்.

பெருங்குடலில் ‘லிப்பேஸ்’ அழிக்கப்பட்டு ‘இல்லை’ வந்தது. தண்ணீரையும் உப்புகளையும் உறிஞ்சுவது அதன் வேலை. செரிமான நொதி எதையும் அது சுரப்பதில்லை. ஆனால் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களிடம் நொதிகள் உண்டு. பெரியவர்கள் பலருக்கு வயது ஏற ஏற லாக்டேஸ் குறைந்துவிடுகிறது. உடையாத லாக்டோஸ் பெருங்குடல்வரை வந்துசேர, பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு உப்பும், இரையும், சிலருக்கு வயிற்றுப்போக்கும் ஆகும். தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிரிகள் முன்பே உடைத்துவிடுவதால் அவர்களில் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது.

“அம்மாவுக்குப் பால் காபி குடிச்சா வயிறு உப்பும். மோர் குடிச்சா ஒண்ணும் பண்ணாது” என்றாள். சிறுகுடல் வரிசையில் லாக்டேஸ் என்று எழுதியிருந்த இடத்தைப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அம்மாவைக் கூப்பிட எழுந்து போனாள்.