ஒருவருக்கா, எல்லோருக்குமா?

இணையக் கடையில் ஒரு சேலைக்குப் பணம் கட்டியதும் பில், கிடங்கு, குறுஞ்செய்தி என மூன்று மென்பொருள்களுக்குச் சேதி போக வேண்டும். ஆர்டர் வாங்கும் மென்பொருளே மூன்றையும் நேரடியாக அழைத்துக் காத்திருந்தால், குறுஞ்செய்திப் பிரிவு படுத்துவிட்டாலும் ஆர்டரே நின்றுபோகும். அதனால் அது சேதியை நடுவில் ஓரிடத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

அந்த நடுவிடம் க்யூவாக இருந்தால், பத்து சர்வர்கள் காத்திருந்தாலும் ஒரு சேதி ஒருவருக்குத்தான். அமேசானின் எஸ்.க்யூ.எஸ். சேவையில் ஒரு சர்வர் எடுத்த சேதி, வழக்கமான அமைப்பில் 30 விநாடி மற்றவர்களுக்குத் தெரியாது. வேலையை முடித்ததும் எடுத்த சர்வரே அதை நீக்க வேண்டும். வேலைக்கு 40 விநாடி பிடித்தால்? சேதி மீண்டும் தலைகாட்டும், இன்னொரு சர்வர் எடுக்கும், ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் போகும். ஆர்டர் எண்ணைப் பார்த்து அதைத் தடுப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

டாபிக்கில் படித்த பிறகும் சேதி அழிவதில்லை. லிங்க்ட்இன் உருவாக்கி 2011-இல் திறந்த மூலமாக வெளியிட்ட காஃப்கா, அமைப்பை மாற்றாவிட்டால் 7 நாள் வைத்திருக்கும். பில், கிடங்கு, குறுஞ்செய்தி மூன்றும் தனித்தனிக் குழுக்களாக அதே சேதியைப் படிக்கும். எதுவரை படித்தோம் என்ற கணக்கு ஒவ்வொரு குழுவுக்கும் தனி. குறுஞ்செய்திப் பிரிவு இரண்டு நாள் கழித்து எழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பத்து நாள் கழித்து வந்தால் பழையவை அழிந்திருக்கும். ஆகவே படிக்காமல் நிற்கும் சேதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்பதில்தான் பொறியாளர்கள் கண்வைக்கிறார்கள்.