ஐந்தாம் ஆண்டுக்கு அப்பால்

ஈரோட்டில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா மஞ்சள் மண்டியில் தொடங்கிய தொழில். இப்போது அண்ணனும் தம்பியும் நடத்துகிறார்கள். கடன் கிடையாது. 30 சதவீதப் பங்கு வைத்திருக்கும் தம்பி விலகிக்கொள்ள நினைக்கிறார். வாங்கிக்கொள்ள அண்ணன் தயார். என்ன விலைக்கு என்பதுதான் தெரியவில்லை. ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை அமர்த்துகிறார்கள். அண்ணன் அமர்த்தியவர், மொத்த நிறுவனமும் 151 கோடி ரூபாய் பெறும் என்று எழுதிக் கொடுக்கிறார். தம்பி அமர்த்தியவர் 221 கோடி என்கிறார். தம்பியின் பங்குக்கு மட்டும் பார்த்தாலே இடைவெளி 21 கோடி.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது வேறுபாடு அல்ல, ஒற்றுமை. இரண்டிலும் அடுத்த ஐந்தாண்டுக் கணக்கு அச்சு அசலாக ஒன்றுதான். தம்பி இயல்பாகவே கேட்பார்: “ஆடிட்டர் சார், அஞ்சு வருஷக் கணக்கு ரெண்டுலயும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்புறம் எங்கிருந்து வந்துச்சு எழுபது கோடி?”

அந்த எழுபது கோடியும் எக்ஸெல் தாளின் கடைசியில் இருக்கும் ஒரே கட்டத்திலிருந்து வந்தது. ஒருவர் அதில் 4 என்று போட்டிருக்கிறார், மற்றவர் 7 என்று போட்டிருக்கிறார். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு தொழிலின் மதிப்பு என்பது, செலவு, வரி, இயந்திரம் வாங்கப் போட்ட பணம் எல்லாம் போக உரிமையாளர் கையில் நிற்கும் பணம்தான். அந்தப் பணம் வரும் ஆண்டுகளில் வரும். நாம் விலை பேசுவது இன்றைக்கு. இந்த அளவு ரிஸ்க் உள்ள தொழிலில் பணம் போடுகிறவர் ஆண்டுக்கு 12 சதவீதம் எதிர்பார்ப்பார் என்றால், அடுத்த ஆண்டு வரும் 100 ரூபாய் இன்றைக்கு 89 ரூபாய்க்குச் சமம். ஐந்தாம் ஆண்டு வரும் 100 ரூபாய் 57 ரூபாய்க்குச் சமம். இப்படி ஒவ்வோர் ஆண்டுப் பணத்தையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டுவதே டிஸ்கவுண்டட் கேஷ் ஃப்ளோ, சுருக்கமாக டிசிஎஃப். அந்த 12 சதவீதத்துக்குத் தள்ளுபடி விகிதம் என்று பெயர்.

நம் மசாலா நிறுவனத்தில் முதல் ஆண்டு கையில் நிற்பது 10 கோடி. அது ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14.64 கோடியாகிறது. ஐந்து ஆண்டுப் பணத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 43 கோடி. அவ்வளவுதான். அண்ணனின் அறிக்கையில் மீதி 108 கோடியும், தம்பியின் அறிக்கையில் மீதி 178 கோடியும் ஐந்தாம் ஆண்டு முடிந்த மறுநாளிலிருந்து காலாகாலத்துக்கும் வரப்போகும் பணத்தின் மதிப்பு. இதைத்தான் டெர்மினல் வேல்யூ என்கிறார்கள்.

காலாகாலத்துக்கும் வரும் பணத்தை எப்படிக் கூட்டுவது? ஒவ்வோர் ஆண்டாக எழுதினால் தாள் தீராது. ஆனால் பணம் ஒரே விகிதத்தில் வளர்ந்துகொண்டே போகும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆறாம் ஆண்டுப் பணத்தை எடுத்து, தள்ளுபடி விகிதத்திலிருந்து வளர்ச்சி விகிதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் போதும். மைரன் கார்டன் என்ற பொருளியலாளரின் பெயரால் இதைக் கார்டன் மாடல் என்பார்கள். வளர்ச்சி 4 சதவீதம் என்றால் 12-இல் 4 போக 8 சதவீதத்தால் வகுக்கிறோம். வளர்ச்சி 7 என்றால் 5 சதவீதத்தால் வகுக்கிறோம். எட்டால் வகுப்பதற்கும் ஐந்தால் வகுப்பதற்கும் உள்ள தூரம்தான் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் நிற்கிறது. வகுக்கும் எண் சிறுக்கச் சிறுக்க, அடுத்த ஒரு சதவீதம் முந்தைய ஒரு சதவீதத்தைவிடப் பலமாக உதைக்கும். வளர்ச்சியை 4-இலிருந்து 5 ஆக்கினால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 17 கோடி கூடுகிறது. 6-இலிருந்து 7 ஆக்கினால் 31 கோடி கூடுகிறது. வளர்ச்சியை 12-க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மதிப்பு வானத்துக்குப் போய்விடும்.

இதைக் கேட்கிற பலரும் உடனே சொல்வது, “அப்படியானால் டெர்மினல் வேல்யூ வெறும் ஏமாற்று.” நான் அதை ஒப்பவில்லை. நல்ல தொழில் ஒன்றை வாங்குகிறவர் ஐந்து ஆண்டு வருமானத்துக்காக வாங்குவதில்லை. நிலம் வாங்கி ஐந்தாண்டு குத்தகைக்கு விட்டவருக்குக் குத்தகைப் பணம் பெரிதா, ஐந்தாம் ஆண்டு முடிவில் கையில் இருக்கும் நிலம் பெரிதா? நிலத்தின் விலைதான் கணக்கில் பெரும் பங்காக நிற்கும். அதில் தவறு ஒன்றும் இல்லை.

அதுமட்டுமல்ல, டெர்மினல் வேல்யூ மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதே கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு அறிக்கைக்கும் இடையில் 5 சதவீத வளர்ச்சியை எடுத்துக்கொண்டால் நிறுவனம் 168 கோடி பெறும். அதில் டெர்மினல் வேல்யூ 74 சதவீதம். இப்போது எந்த அனுமானத்தையும் மாற்றாமல், ஆறு முதல் பத்து வரையுள்ள ஆண்டுகளையும் அதே 5 சதவீத வளர்ச்சியில் தனித்தனியாக எழுதிவிட்டு, பத்தாம் ஆண்டில் கோடு கிழிப்போம். மொத்த மதிப்பு அதே 168 கோடிதான். ஆனால் டெர்மினல் வேல்யூவின் பங்கு 54 சதவீதமாக இறங்கிவிடுகிறது. பத்தாண்டுக் கணக்குப் போட்டதால் அறிக்கை உறுதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே கூடியது எக்ஸெல் தாளில் ஐந்து பத்திதான்.

ஆக, பங்கு பெரிதாக இருப்பது குற்றமில்லை. குற்றம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அறிக்கைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறு அதுதான்.

தம்பியின் மதிப்பீட்டாளர் வளர்ச்சியை 7 ஆக்கினார். அதற்காக ஆறாம் ஆண்டில் கையில் நிற்கும் பணத்தைக் குறைத்தாரா? இல்லை. ஆனால் மசாலா வியாபாரம் காசு செலவழிக்காமல் வளருமா? கூடுதலாகப் பொடி விற்க வேண்டுமென்றால் அரைவை இயந்திரம் வேண்டும், குடோன் வேண்டும், அறுவடைக் காலத்தில் மஞ்சளும் மிளகாயும் வாங்கி வைக்க முதல் வேண்டும், கடைக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்க வேண்டும். வேகமாக வளரும் நிறுவனம் லாபத்தில் பெரும்பகுதியைத் தொழிலிலேயே திரும்பப் போடுகிறது. அந்த ஆண்டு உரிமையாளர் கையில் நிற்பது குறைகிறது. வளர்ச்சியை மட்டும் கூட்டிவிட்டு இதைக் குறைக்காமல் விட்டால், இனி காலமெல்லாம் இலவசமாக வளரலாம் என்று எழுதிவிட்டோம் என்று பொருள்.

எவ்வளவு திரும்பப் போட வேண்டும் என்பது, போடுகிற புது முதல் எவ்வளவு ஈட்டும் என்பதைப் பொறுத்தது. ஆறாம் ஆண்டில் வரி போக லாபம் 24 கோடி என்று கொள்வோம். புதிதாகப் போடும் 100 ரூபாய் ஆண்டுக்கு 12 ரூபாய் ஈட்டுமானால், 6 சதவீதம் வளர லாபத்தில் பாதியை, அதாவது 12 கோடியை, திரும்பப் போட வேண்டும். மீதி 12 கோடியை 6 சதவீதத்தால் வகுத்தால் ஐந்தாம் ஆண்டு இறுதியில் டெர்மினல் வேல்யூ 200 கோடி. வளர்ச்சியே வேண்டாம் என்று முடிவெடுத்தால் ஒன்றும் திரும்பப் போட வேண்டியதில்லை. 24 கோடியும் கைக்கு வரும். அதை 12 சதவீதத்தால் வகுத்தாலும் அதே 200 கோடி! முதல் போட்டவர் எதிர்பார்க்கும் 12-ஐத் தாண்டித் தொழில் ஒரு ரூபாயும் ஈட்டாதபோது, வளர்ச்சி மதிப்பைக் கூட்டுவதே இல்லை. 12-க்கும் கீழே ஈட்டினால் வளர வளர மதிப்பு குறையும்.

எக்ஸிட் மல்டிபிள் என்று இன்னொரு வழியும் உண்டு. வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபத்தை, அதாவது எபிட்டாவை, ஏதோ ஒரு மடங்கால் பெருக்கிவிடுவது. ஐந்தாம் ஆண்டில் எபிட்டா 36 கோடி, இதுபோன்ற நிறுவனங்கள் ஒன்பது மடங்குக்குக் கைமாறுகின்றன, ஆகவே 324 கோடி என்று முடித்துவிடுவார்கள். வளர்ச்சி என்ற சொல்லே அதில் வராது. ஆனால் அதே 14.64 கோடிப் பணத்தையும் 12 சதவீதத்தையும் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அந்த ஒன்பது மடங்குக்குள் 7.2 சதவீத நிரந்தர வளர்ச்சி உட்கார்ந்திருப்பது தெரியும். மடங்கு என்று எழுதிய அறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது இந்தப் பின்னோக்குக் கணக்குத்தான். வரும் எண் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வட்டியைத் தாண்டினால் அங்கேயே நின்றுவிடுவேன். நாட்டின் பொருளாதாரத்தைவிட வேகமாக எந்த நிறுவனமும் என்றென்றும் வளர முடியாது. நீண்ட கால அரசு வட்டி அந்தப் பொருளாதார வேகத்துக்கு ஓர் அடையாளம்.

நஷ்டத்தில் ஓடும் நிறுவனங்களில் நிலைமை இன்னும் கூர்மையாகும். 2021 ஜூலையில் சொமேட்டோ பங்கு 76 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. சென்னையில் படித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் கல்லூரியில் பாடம் நடத்தும் அஸ்வத் தாமோதரன், அதை டிசிஎஃப் வழியில் சுமார் 41 ரூபாய் என்று மதிப்பிட்டுத் தன் எக்ஸெல் தாளையே பொதுவில் வைத்தார். இத்தகைய நிறுவனத்தில் முதல் சில ஆண்டுகளுக்குப் பணம் உள்ளே வராது, வெளியேதான் போகும். அதனால் டெர்மினல் வேல்யூ மொத்த மதிப்பில் 100 சதவீதத்தையே தாண்டிவிடக்கூடும். பட்டியலான அன்று பங்கு 115 ரூபாயைத் தாண்டியது. ஓராண்டு கழித்து 41-இன் பக்கம் இறங்கியது. 2024-இல் 250-ஐத் தாண்டியது. நடுவில், 2022-இல், நிறுவனம் பிளிங்கிட்டை வாங்கி, நிமிடங்களில் மளிகை கொண்டுசேர்க்கும் தொழிலில் பெரிதாக இறங்கியிருந்தது. மதிப்பு முழுவதும் தொலைவான ஆண்டுகளில் இருக்கும்போது, அந்த ஆண்டுகளில் செய்யப்போகும் தொழில் இன்றைய தாளில் இல்லாமலேகூடப் போகலாம்.

ஈரோட்டுக்குத் திரும்புவோம். அண்ணனும் தம்பியும் நான்கா ஏழா என்று எத்தனை நாள் பேசினாலும் தீராது. அந்த எண் யாருடைய கணக்குப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் வளர்ச்சிக்கு ஆகும் செலவை உள்ளே கொண்டுவந்தால் பேச்சே மாறுகிறது. புதிதாகப் போடும் 100 ரூபாய் 15 ரூபாய் ஈட்டும் என்று வைத்துக்கொண்டால், 4 சதவீத வளர்ச்சியில் நிறுவனம் 168 கோடி, 7 சதவீத வளர்ச்சியில் 188 கோடி. எழுபது கோடி இடைவெளி இருபது கோடியாகச் சுருங்கிவிட்டது. 12 ரூபாய்தான் ஈட்டும் என்றால் இடைவெளியே இல்லை.

இனி இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியாகப் போட்ட அரைவை யூனிட்டுக்குக் கட்டடம், இயந்திரம், இருப்புச் சரக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு முதல் போனது, அது வரி போக ஆண்டுக்கு எவ்வளவு ஈட்டுகிறது? அந்த பில்கள் அலுவலக பீரோவில் இருக்கின்றன.